பஹாய் சமயம்: ஓர் அறிமுகம்

புதிய சமய இயக்கங்களைப் படிக்கும்போது எழும் முதல் கேள்வி, நிறுவியவர் இறந்த பிறகு அந்த இயக்கம் என்ன ஆகிறது என்பது. பல இயக்கங்கள் அங்கேயே சிதறிவிடுகின்றன. பஹாய் சமயம் சிதறவில்லை. வாரிசுச் சிக்கலை அது மூன்று முறை சந்தித்து, ஒவ்வொரு முறையும் வேறு விதமாகத் தீர்த்தது. அதனால்தான் பாடத்தின் தொடக்கத்திலேயே இதை வைத்திருக்கிறோம்.

கதை ஈரானில் தொடங்குகிறது. நபியின் வழிவந்த தலைவர்களில் கடைசியானவரும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருப்பவருமான பன்னிரண்டாம் இமாம் திரும்பி வருவார் என்பது அங்குள்ள ஷியா முஸ்லிம்களின் நம்பிக்கை. 1844-ல் ஷிராஸ் நகரத்து இளம் வணிகர் சையத் அலி முகம்மது, தன்னை 'பாப்' என்று அறிவித்தார். 'வாசல்' என்று பொருள், அந்த இமாமிடம் சேர்க்கும் வாசல். தனக்குப் பின் இன்னும் பெரியவர் ஒருவர் வருவார் என்றும் சொன்னார். கூட்டம் வேகமாகச் சேர்ந்தது, அரசும் மதகுருமாரும் அதே வேகத்தில் அடக்கினார்கள். 1850-ல் தப்ரீஸ் நகரில் பாப் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைப் பின்பற்றியவர்களில் கவிஞர் தாஹிரியை மறக்கக் கூடாது: 1848-ல் பதஷ்த் என்ற ஊரில் ஆண்கள் கூடிய அவையில் முகத்திரை இல்லாமல் வந்து நின்றவர். நான்கு ஆண்டுகளில் அவரும் கொல்லப்பட்டார்.

பாப் சொன்ன அந்தப் பெரியவர் நான்தான் என்று 1863-ல் பாக்தாத்தில் அறிவித்தவர் மிர்சா ஹுசைன் அலி. பஹாவுல்லா என்று அறியப்படுபவர் இவரே, 'கடவுளின் ஒளி' என்று பொருள். உயர்குடியில் பிறந்தவர். ஆனால் 1852-ல் டெஹ்ரான் நிலவறைச் சிறைக்குப் போனதிலிருந்து கைதியாகவோ நாடுகடத்தப்பட்டவராகவோதான் வாழ்ந்தார். பாக்தாத், இஸ்தான்புல், எதிர்னே என்று நகர்த்தி, கடைசியில் 1868-ல் உதுமானியப் பேரரசு அவரை இன்றைய இஸ்ரேலின் கடற்கரையில் உள்ள அக்கா என்ற கோட்டை நகருக்கு அனுப்பியது. அக்காவுக்கு அருகே 1892-ல் இறந்தார்.

இனி போதனைகள். கடவுள் ஒருவர், சமயங்கள் யாவும் ஒன்று, மனித குலம் ஒன்று என்று மூன்று வரியில் சொல்லிவிடலாம். ஆனால் 'எல்லா மதமும் ஒன்றே' என்று நாம் போகிற போக்கில் சொல்வதோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பஹாய் கருத்தில் ஒரு வரிசை உண்டு. கிருஷ்ணர், மோசே, ஜரதுஷ்டிரர், புத்தர், இயேசு, முகம்மது நபி என ஒவ்வொரு காலத்திலும் அந்தக் காலத்துக்குரிய தூதர் வருகிறார். இந்தக் காலத்துக்கு பஹாவுல்லா, அவருக்குப் பின்னும் வருவார்கள். அதாவது பழைய சமயங்கள் பொய்யல்ல, ஆனால் அவற்றின் முறை முடிந்தது. கேட்க மென்மையான கருத்துதான். ஆனால் முகம்மதுவை இறுதி நபியாகக் கொள்ளும் இஸ்லாத்தோடு நேராக மோதுகிற இடமும் இதுவே.

ஆண் பெண் சமத்துவம், கட்டாயக் கல்வி, அறிவியலும் சமயமும் முரண்படக் கூடாது என்பது, எல்லாரும் கற்கும் பொதுத் துணைமொழி ஒன்று ஆகியவையும் போதனைகளில் அடங்கும். நடைமுறையில் தினசரித் தொழுகை உண்டு, மது கூடாது, திருமணத்துக்கு இரு தரப்புப் பெற்றோரின் சம்மதமும் வேண்டும். நாட்காட்டி விசித்திரமானது: 19 நாள் கொண்ட 19 மாதங்கள், மிச்சத்துக்கு நான்கோ ஐந்தோ கூடுதல் நாட்கள். கடைசி மாதம் முழுவதும் பகல் நோன்பு.

சரி, வாரிசுக் கேள்விக்கு வருவோம். பாபுக்குப் பின் பஹாவுல்லாவின் சகோதரர் சுப்ஹே அஸல் தலைமையில் ஒரு பிரிவு பிரிந்து போனது. அந்த அனுபவமோ என்னவோ, பஹாவுல்லா தன் மூத்த மகன் அப்துல் பஹாவையே வாரிசாக எழுத்தில் குறித்து வைத்தார். அவர் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பயணம் செய்து இயக்கத்தை மேற்கில் ஊன்றினார். அவருடைய உயில், பேரன் ஷோகி எஃபெண்டியைச் சமயத்தின் தலைவராக, அதாவது 'பாதுகாவலர்' ஆக்கியது. பரம்பரையாகத் தொடர வேண்டிய பதவி அது. ஷோகி 1957-ல் பிள்ளையும் உயிலும் இல்லாமல் இறந்துபோனார். அப்புறம் 1963-ல், பஹாவுல்லாவே எழுதி வைத்திருந்தபடி, உலக நீதி மன்றம் என்ற ஒன்பது பேர் அவை தேர்ந்தெடுக்கப்பட்டது. (ஹேக் நகரத்து நீதிமன்றம் அல்ல, இது இஸ்ரேலின் ஹைஃபா நகரில் இருக்கிறது.) தனிமனிதத் தலைமை அத்தோடு முடிந்தது. பூசாரிகள் கிடையாது. தேர்தலில் வேட்பாளரும் இல்லை, பிரசாரமும் இல்லை. ஆனால் இந்த உச்ச அவையில் ஆண்கள் மட்டுமே இருக்க முடியும். சமத்துவப் போதனையோடு இது எப்படிப் பொருந்துகிறது என்பதை வகுப்பில் விவாதிப்போம்.

ஈரானின் அரசியலமைப்பு ஜரதுஷ்டிர சமயத்தவர், யூதர், கிறித்தவர் ஆகியோரை அங்கீகரிக்கிறது, பஹாய்களை அல்ல. 1979 புரட்சிக்குப் பின் பலர் தூக்கிலிடப்பட்டார்கள், பல்கலைக்கழகக் கதவுகள் மூடப்பட்டன. தலைமையகம் இஸ்ரேலில் இருப்பதால் அவர்கள் ஒற்றர்கள் என்பது அங்கே அடிக்கடி வைக்கப்படும் குற்றச்சாட்டு. அந்தக் கடற்கரைக்கு பஹாவுல்லா கைதியாகக் கொண்டுவரப்பட்டபோது, இஸ்ரேல் என்ற நாடு பிறக்க இன்னும் 80 ஆண்டுகள் இருந்தன.