கிழமைக் கூத்துக் காணொளி மீதான பதிப்புரிமைக் கோரலை மறுத்தல்

வந்தாறுமூலை,
மட்டக்களப்பு.
14.06.2025

உரிமைகள் முகாமையாளர் அவர்களுக்கு,

பல்கலைக்கழக மூன்றாம் ஆண்டு ஒப்படைக்காக நான் ஒளிப்பதிவு செய்து யூடியூப்பில் பதிவேற்றிய ‘கிழமைக் கூத்து’ என்ற 11 நிமிடக் காணொளியில், 4:12 முதல் 5:07 வரையான பகுதி தங்கள் நிறுவனத்தின் ஒலிப்பதிவு எனக் கடந்த 9 ஆம் திகதி உரிமை கோரப்பட்டுள்ளது. இக்கோரல் தவறானது என்பதால் அதனை மறுக்கிறேன்.

அந்த 55 செக்கனில் ஒலிப்பது எவ்விடத்திலிருந்தும் எடுத்துச் சேர்க்கப்பட்ட இசையன்று. அரங்கேற்றத்துக்கு முன் எங்கள் ஊரில் நடந்த வடமோடிக் கூத்துப் பயிற்சியில், அண்ணாவியார் மத்தளம் அடித்துப் பாட, பிற்பாட்டுக்காரர் தொடர, எனது கைத்தொலைபேசியில் நேரடியாகப் பதிவானது. தயவுசெய்து 4:38 ஐக் கேளுங்கள். அரச வரவு ஆடிய தம்பி ஓர் அடியைத் தவறவிட்டதும், அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தி, “திருப்பி ஆடு மகன்” என்று சொல்லி அதே வரியை மீண்டும் தொடங்குகிறார். இடையில் நாயொன்று குரைக்கிறது. தாங்கள் வெளியிட்ட பாடலில் இவை எதுவும் இல்லை. அதில் மின்னிசைக் கருவியும் பெண் குரலும் உள்ளன.

இரண்டிலும் மெட்டு ஒத்திருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது தங்கள் பாடகர் அமைத்த மெட்டு அல்ல. அண்ணாவியாரின் பாட்டனார் காலத்து ஏட்டுப் பிரதியில் அந்தப் பாட்டு இருக்கிறது, இயற்றியவர் பெயர் எவருக்கும் தெரியாது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஒலிப்பதிவுத் தயாரிப்பாளருக்கு வழங்கும் உரிமை அவர் தயாரித்த பதிவுக்கே உரியது. அதே மரபுப் பாட்டை வேறொருவர் தம் குரலில் பாடுவதையும், அதை இன்னொருவர் தனியே பதிவுசெய்வதையும் அது தடுக்காது. எனக்கு இது வெறும் சட்ட விடயமல்ல. களரியில் பாடிப் பாடியே குரல் கம்மிப்போன ஒரு முதியவரின் பாட்டு, அவர் ஊர்ப் பதிவிலேயே பிறருடையதாகக் காட்டப்படுவது எனக்குப் பெரும் மனவருத்தம்.

அண்ணாவியாரும் ஆட்டக்காரர்களும், வயது குறைந்தவர்களின் பெற்றோரும் கையொப்பமிட்ட சம்மதக் கடிதம், திருத்தப்படாத மூலக் கோப்பு, ஏட்டுப் பிரதியின் அந்தப் பக்கத்தின் நிழற்படம் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். ஒலியை இயந்திரத்தின் ஒப்பீட்டுக்கு மட்டும் விடாமல், ஒருவர் இரண்டையும் அருகருகே கேட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எனது காணொளியில் நான் விளம்பரம் எதுவும் சேர்க்கவில்லை. இப்போது தங்கள் கோரலின் பேரில் விளம்பரம் ஓடுகிறது. தளத்தின் ஊடாகவும் இம்மறுப்பைச் சமர்ப்பித்துள்ளேன். அதற்குப் பதிலளிக்கத் தங்களுக்கு 30 நாட்கள் உண்டு; எனினும் எனது ஒப்படை யூன் 27 இல் மதிப்பிடப்படவிருப்பதால், அதற்கு முன் கோரலை விலக்கி, எழுத்தில் அறியத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். மறுப்பை ஏற்காவிடின், எந்தப் பதிவின் எந்த வினாடிகள் ஒத்திருக்கின்றன என்பதைக் குறிப்பிட்டே பதில் தர வேண்டும்.

இங்கே கூறியவை அனைத்தும் உண்மையென உறுதி கூறுகிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
ச. நிவேதிகா