கடன் கணக்கு அறிக்கையும் வட்டிச் சான்றிதழும் வழங்கக் கோரும் கடிதம்

நாள்: 10.06.2025

அனுப்புநர்
க. மாலதி (முதன்மைக் கடனாளர்)
சு. கதிரவன் (இணைக் கடனாளர்)
முகவரி: வங்கிப் பதிவேட்டில் உள்ளபடி

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
வீட்டுக் கடன் பிரிவு.

பொருள்: வீட்டுக் கடன் கணக்கு – தொடக்கம் முதல் இன்றுவரையிலான முழு அறிக்கையும், 2024–25ஆம் நிதியாண்டுக்கான இறுதி வட்டிச் சான்றிதழும் சொந்தப் பதிவுக்காக வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: வீட்டுக் கடன் கணக்கு எண் 306200194758.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். மேற்கண்ட எண்ணில் நானும் என் கணவர் திரு. சு. கதிரவனும் கூட்டாகப் பெற்ற வீட்டுக் கடன் தங்கள் கிளையில் நடப்பில் உள்ளது. ரூ.24,00,000 கடனாக ஒப்பளிக்கப்பட்டு, 14.06.2019 அன்று ரூ.15,00,000, 22.11.2019 அன்று ரூ.9,00,000 என இரு பகுதிகளாக விடுவிக்கப்பட்டது. 2020 ஜனவரி முதல் மாதந்தோறும் 5ஆம் தேதி ரூ.23,634 தவணையாக என் சேமிப்புக் கணக்கிலிருந்து பிடித்தம் செய்யப்பட்டு வருகிறது. தவணை எதுவும் நிலுவையில் இல்லை.

இந்தக் கடன் தொடர்பான தாள்களை ஒரே கோப்பில் முறைப்படுத்தி வைக்க விரும்புகிறோம். வங்கிச் செயலியில் கடைசிப் பன்னிரண்டு மாதங்களின் விவரம் மட்டுமே கிடைக்கிறது. அதிலும் தவணை முழுத்தொகையாகத் தெரிகிறதே தவிர, அசலுக்கு எவ்வளவு, வட்டிக்கு எவ்வளவு என்ற பிரிவு இல்லை. ஆகவே, முதல் பகுதித் தொகை விடுவிக்கப்பட்ட 14.06.2019 முதல் அறிக்கை வழங்கும் நாள் வரையிலான முழுக் கணக்கு அறிக்கையையும், 01.04.2024 முதல் 31.03.2025 வரையிலான காலத்துக்குரிய வட்டிச் சான்றிதழையும் அளித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

கடனை முடித்துக்கொள்ளவோ வேறு வங்கிக்கு மாற்றவோ எங்களுக்கு எண்ணம் இல்லை. இதைத் தனியாகக் குறிப்பிடக் காரணம், இத்தகைய கோரிக்கைகளுக்குச் சில நேரங்களில் கடன் முடிப்புக்கான தொகைக் கடிதமே தயாரிக்கப்பட்டுவிடுகிறது என்பதுதான். அன்றைய தேதிக்குச் செலுத்த வேண்டிய மொத்தத் தொகையை மட்டும் சொல்லும் அந்தக் கடிதம் எங்கள் தேவைக்குப் பயன்படாது.

கணக்கு அறிக்கையில் ஒவ்வொரு தவணைக்கும் அசல், வட்டி, அதன் பின் எஞ்சிய நிலுவை ஆகியவை தனித்தனியே இடம்பெற வேண்டுகிறோம். அத்துடன், தவணை செலுத்த வேண்டிய நாளையும் தொகை கடன் கணக்கில் வரவு வைக்கப்பட்ட நாளையும் சேர்த்துக் காட்டினால் நல்லது. எடுத்துக்காட்டாக, 2025 ஜனவரி 5 ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததால், சேமிப்புக் கணக்கின் பாஸ்புக்கில் அம்மாதத் தவணை 06.01.2025 அன்றுதான் பற்று எழுதப்பட்டுள்ளது. அந்த ஒரு நாளுக்கு வட்டியோ தாமதக் கட்டணமோ கணக்கிடப்பட்டதா என்பது இரண்டு தேதிகளும் அருகருகே இருந்தால்தான் விளங்கும். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. பதிவு தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காகவே கேட்கிறோம்.

தவணைகள் தவிர, 18.08.2022 அன்று ரூ.2,00,000, 09.10.2024 அன்று ரூ.1,50,000 என இருமுறை பகுதித் தொகை முன்கூட்டியே செலுத்தியுள்ளோம். இரண்டு முறையும் தவணைத் தொகையைக் குறைக்காமல் கடன் காலத்தைக் குறைக்குமாறு எழுத்து மூலம் கேட்டிருந்தோம். இத்தொகைகள் எந்த நாளில் வரவு வைக்கப்பட்டன, முழுவதும் அசலில் கழிக்கப்பட்டனவா, அதன் பின் மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கை என்ன ஆயிற்று என்பவை அறிக்கையில் தெரிய வேண்டும். இக்கடன் மாறும் வட்டி விகிதத்தில் உள்ளது. விகிதம் கூடும்போதும் குறையும்போதும் தவணைத் தொகை மாறாமல் காலம் மட்டுமே நீண்டும் சுருங்கியும் வந்திருக்கிறது என்பதால், எந்த நாளிலிருந்து எந்த விகிதம் நடைமுறைக்கு வந்தது என்ற விவரம் இல்லாமல் மீதமுள்ள காலத்தை எங்களால் சரிபார்க்க இயலவில்லை. எனவே வட்டி விகித மாற்றங்களையும் தேதியுடன் குறிப்பிட வேண்டுகிறோம்.

செயலாக்கக் கட்டணம், காப்பீட்டுப் பிரீமியம் போன்றவை கடன் கணக்கில் பற்று எழுதப்பட்டிருப்பின், அவற்றை வட்டியோடு சேர்க்காமல் தனித் தலைப்பில் காட்டினால் போதுமானது. இரண்டாம் பகுதி விடுவிக்கப்பட்டு முழுத் தவணை தொடங்கும் வரை, 2019இல் நாங்கள் வட்டியை மட்டும் செலுத்திய மாதங்களின் வரவுகளும் விடுபடாமல் இடம்பெற வேண்டும்.

வட்டிச் சான்றிதழைப் பொறுத்தவரை, நிதியாண்டு முடிந்துவிட்டதால், ஆண்டின் நடுவில் மதிப்பீடாக வழங்கப்படும் தற்காலிகச் சான்றிதழ் வேண்டியதில்லை. உண்மையான வரவுகளின் அடிப்படையிலான இறுதிச் சான்றிதழே தேவை. அதில் 01.04.2024 அன்று இருந்த தொடக்க நிலுவை, ஆண்டில் செலுத்திய அசல், வட்டி, 31.03.2025 அன்றைய இறுதி நிலுவை ஆகிய நான்கும் இருக்க வேண்டும். எங்கள் பாஸ்புக்கின்படி அந்த ஆண்டில் பன்னிரண்டு தவணைகளுக்கு ரூ.2,83,608, முன்கூட்டிய பகுதித் தொகை ரூ.1,50,000 என மொத்தம் ரூ.4,33,608 செலுத்தப்பட்டுள்ளது.

இதில் ஒரு விளக்கம் குறிப்பாகத் தேவைப்படுகிறது. கடன் கணக்கில் வட்டி ஒவ்வொரு மாதக் கடைசி நாளிலும் பற்று எழுதப்படுகிறது. அதற்குரிய தவணையோ அடுத்த மாதம் 5ஆம் தேதிதான் வரவாகிறது. அப்படியானால் 31.03.2025 அன்று எழுதப்பட்ட மார்ச் மாத வட்டி அந்த நிதியாண்டில் விதிக்கப்பட்டதாகும். ஆனால் நாங்கள் அதைச் செலுத்தியது ஏப்ரலில். சான்றிதழில் காட்டப்படும் தொகை ஆண்டில் விதிக்கப்பட்ட வட்டியா, ஆண்டில் எங்களிடமிருந்து பெறப்பட்ட வட்டியா என்பதை ஒரு வரியில் தெளிவாக எழுதிவிட்டால், அறிக்கையோடு ஒப்பிடும்போது தோன்றும் வேறுபாட்டுக்குக் காரணம் தேட வேண்டியிராது.

சென்ற ஆண்டுக்கான சான்றிதழில் என் பெயர் மட்டுமே இருந்தது. இம்முறை முதன்மைக் கடனாளர், இணைக் கடனாளர் ஆகிய இருவரின் பெயர்களும், கடன் ஒப்பந்தத்தில் உள்ள அதே எழுத்துகளில் இடம்பெற ஆவன செய்யுங்கள்.

இரண்டு ஆவணங்களையும் அதிகாரியின் கையொப்பம், வங்கி முத்திரை ஆகியவற்றுடன் தாள் வடிவில் ஒரு படியும், பதிவு செய்யப்பட்ட மின்னஞ்சல் முகவரிக்கு பிடிஎஃப் வடிவில் ஒரு படியும் வழங்க வேண்டுகிறோம். பழைய ஆண்டுகளின் அறிக்கைக்குக் கட்டணம் உண்டெனில், தொகையை முன்னதாகத் தெரிவித்துவிட்டு, 4471 என முடியும் என் சேமிப்புக் கணக்கிலிருந்து பிடித்தம் செய்துகொள்ள இக்கடிதத்தின் மூலம் இசைவளிக்கிறேன். தாள் படிகளை நேரில் பெற்றுக்கொள்ள என் கணவர் தம் அடையாளச் சான்றின் மூலப்படியுடன் வருவார், அவரிடம் ஒப்படைக்கலாம்.

வரும் 27.06.2025 வெள்ளிக்கிழமைக்குள் இவற்றை வழங்கினால் மிகவும் உதவியாக இருக்கும். முழு அறிக்கையைத் தொகுக்கக் கூடுதல் காலம் தேவைப்பட்டால், வட்டிச் சான்றிதழை முதலில் அளித்து, அறிக்கை கிடைக்கும் நாளைப் பதிவு செய்யப்பட்ட கைப்பேசி எண்ணில் தெரிவித்தால் போதும். இக்கடிதம் பெறப்பட்டதற்கு அடையாளமாக, உடன் வைத்துள்ள நகலில் தேதியும் முத்திரையும் இட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

(ஒப்பம்) க. மாலதி
(ஒப்பம்) சு. கதிரவன்

இணைப்பு: கடன் ஒப்பளிப்புக் கடித நகல், இருவரின் அடையாளச் சான்று நகல்கள், முன்கூட்டிய பகுதித் தொகை செலுத்திய இரு ரசீதுகளின் நகல்கள், சேமிப்புக் கணக்கு பாஸ்புக்கின் 2024–25ஆம் ஆண்டுப் பக்கங்களின் நகல், இக்கடிதத்தின் ஒப்புகை நகல்.