ராத்திரி பூரா ரெண்டு பேர் பேசிக்கிட்டாங்க

அன்னிக்கு ஹெல்ப்டெஸ்க் நைட் ஷிஃப்ட்ல நான் மட்டும்தான். மணி 11:40 இருக்கும். மேனேஜர் பத்து நாள் லீவுக்கு கிளம்புற அவசரத்துல "என் பிரிண்டர் ஓடல, வந்ததும் பாத்துக்கலாம்"னு ஒரு மெயில் தட்டிட்டுப் போனாரு. எங்க சிஸ்டம் எப்பவும் போல "உங்கள் புகார் பதிவானது, டிக்கெட் எண் 48211"னு பதில் போட்டுச்சு. உடனே அவர் மெயில்பாக்ஸ்ல இருந்து "நான் விடுமுறையில் இருக்கிறேன், 14ஆம் தேதி வருவேன்". அந்தப் பதிலோட சப்ஜெக்ட்ல டிக்கெட் எண் இல்ல, அதனால சிஸ்டம் அதைப் புதுப் புகார்னு நெனச்சு 48212 போட்டுச்சு. அதுக்கும் லீவு பதில். 48213.

சாதாரணமா லீவு பதில்னா ஒரு ஆளுக்கு ஒரு தடவை போயிட்டு கொஞ்ச நாள் வாயை மூடிக்கும். இவரு அதை விட்டுட்டு, எந்த மெயில் வந்தாலும் பதில் போடுன்னு தானே ஒரு ரூல் எழுதி வெச்சிருக்காரு. எங்க மெயிலோட தலையில இது தெளிவா இருந்துச்சு:

```
Auto-Submitted: auto-replied
```

இது இருந்தா தானியங்கி பதில் போடாதீங்கன்னு 2004லயே RFC 3834ங்கற இன்டர்நெட் விதிமுறையில சொல்லிட்டாங்க. அவர் ரூலுக்கு அதெல்லாம் எங்க தெரியும்.

நான் கவனிச்சப்போ மணி 2:10. பத்து செகண்டுக்கு ஒண்ணுன்னு 900 டிக்கெட்டுக்கு மேல, ஸ்க்ரீன் தானா கீழ ஓடிக்கிட்டே இருக்கு. அவ்ளோ மரியாதையா பேசிக்கிறாங்க ரெண்டு பேரும், "தங்கள் பொறுமைக்கு நன்றி", "தாமதத்துக்கு வருந்துகிறேன்", எங்க வீட்ல கூட யாரும் இப்படிப் பேசினதில்ல.

அப்புறம் நான் ஒரு புத்திசாலித்தனம் பண்ணேன். எல்லாத்தையும் செலக்ட் பண்ணி மொத்தமா க்ளோஸ் குடுத்தேன். ஒவ்வொண்ணுக்கும் "உங்கள் டிக்கெட் மூடப்பட்டது"ன்னு மெயில் போகும்ங்கறது பட்டனை அழுத்தினதுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. 900 மெயில் போச்சு, 900 லீவு பதில் வந்துச்சு, 900 புது டிக்கெட், இப்ப ஒரு லூப் இல்ல, 900 லூப் பக்கத்துல பக்கத்துல ஓடுது. சர்வர் மூச்சு வாங்க ஆரம்பிச்சுடுச்சு.

கை நடுங்க மேனேஜருக்கு போன் போட்டேன், எடுக்கல. மூணு தடவை. கடைசியில அவர் அட்ரஸை இக்னோர் லிஸ்ட்ல தூக்கிப் போட்டேன், ஸ்க்ரீன் அப்படியே நின்னுடுச்சு. ரூம்ல ஏசி சத்தம் அப்பதான் காதுல விழுந்துச்சு.

காலைல ஆறு மணிக்கு அவரே கூப்பிட்டாரு, தூக்கக் குரல்ல. "என்னப்பா, ராத்திரி மூணு மிஸ்டு கால்? நான் லீவுன்னு உனக்கு மெயில் வரலயா?"