யாருடைய சொல், யாருடைய கருத்து: முதலாண்டு மாணவர்களுக்கு வரவேற்புரை

அன்பு மாணவர்களே, வணக்கம். புவியியல் துறைக்கு உங்களை மனமார வரவேற்கிறேன். நூலகம், தேர்வு பற்றியெல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள். நான் பேச வந்தது கருத்துத் திருட்டைப் பற்றி.

புத்தகத்தில் இருப்பதை வரி பிசகாமல் எழுதினால் முழு மதிப்பெண் என்ற பழக்கத்தில் வந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். இங்கே அதே பழக்கம் உங்களைச் சிக்கலில் மாட்டிவிடும். இன்னொருவர் சொல்லையோ கருத்தையோ, அவர் பெயரைச் சொல்லாமல் உங்களுடையதுபோல் கொடுப்பதுதான் கருத்துத் திருட்டு. இணையத்திலிருந்து எடுத்தாலும், சீனியரின் அசைன்மென்ட்டிலிருந்து எடுத்தாலும் அது திருட்டுதான்.

"சொல்லை மாற்றிவிட்டேனே சார்" என்று அடிக்கடி கேட்கிறேன். ஒரு நூலில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "நகரங்களில் மரங்கள் குறையும்போது இரவு வெப்பநிலை உயர்கிறது, பகலில் கான்கிரீட் உள்வாங்கிய வெப்பம் இரவில் வெளியேறுகிறது." ஒரு மாணவர் எழுதுகிறார்: "மாநகரங்களில் மரங்கள் குறைகையில் இராப்பொழுதின் சூடு கூடுகிறது, பகலில் கான்கிரீட் உறிஞ்சிய சூடு இரவில் வெளிவருகிறது." வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது, பாருங்கள். ஆசிரியர் பெயரைக் கீழே போட்டாலும் இது சொந்த நடை ஆகாது.

இன்னொருவர் எழுதுகிறார்: "கட்டடங்கள் பகல் வெயிலைச் சேர்த்துவைத்து, பொழுது சாய்ந்தபின் மெல்ல விடுகின்றன. நிழல் தர மரம் இல்லாத தெருவில் அப்படிச் சேரும் சூடு அதிகம். அங்கே இரவு குளிராததற்கு அதுவே காரணம்." கூடவே ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண். இவருக்கு விஷயம் புரிந்திருக்கிறது, அதனால்தான் காரணத்திலிருந்து தொடங்க முடிந்தது. சொல் இவருடையது, கருத்து நூலாசிரியருடையது. ஆகவே பெயரைக் குறிப்பிடாமல் விட முடியாது.

வழி எளிது. பத்தியை இரண்டு முறை படியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, பக்கத்தில் இருப்பவருக்கு விளக்குவதுபோல் எழுதுங்கள். பிறகு திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். மூலத்தின் சொற்றொடர் எங்காவது தப்பி வந்திருந்தால் மாற்றுங்கள். அதே சொற்கள்தான் வேண்டும் என்றால் மேற்கோள் குறிக்குள் வையுங்கள். குறிப்பெடுக்கும்போதே மேற்கோள் குறியும் பக்க எண்ணும் போட்டுவிடுங்கள். மூன்று வாரம் கழித்து நோட்டைப் புரட்டினால் எது உங்கள் வரி, எது நூலின் வரி என்று உங்களுக்கே தெரியாது. தெரியாமல் நடக்கும் திருட்டுகள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன.

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பது போன்ற பொது அறிவுக்குச் சான்று தேவையில்லை. சந்தேகம் வந்தால் சான்று கொடுத்துவிடுங்கள். சென்ற பருவத்தில் எழுதிய சொந்தக் கட்டுரையை மறுபடி கொடுக்க நினைத்தால், முன்கூட்டியே ஆசிரியரிடம் கேளுங்கள்.

நாளை மறுநாள் கடைசி நாள், ஒன்றும் எழுதவில்லை என்ற நிலை வரலாம். காப்பி அடிக்கத் தோன்றும் நேரம் அது. அப்போது என்னிடம் வாருங்கள், அவகாசம் பற்றிப் பேசலாம். தாமதத்துக்குச் சில மதிப்பெண்தான் போகும்.

அடுத்த வகுப்புக்கு ஒரு பத்தியை உங்கள் நடையில் எழுதி, மூலப் பக்கத்தின் நகலோடு கொண்டுவாருங்கள். இதற்கு மதிப்பெண் கிடையாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சேர்ந்தே படித்துப் பார்ப்போம்.