மாமாவின் திருமணப் பயணத்துக்காக மகளுக்கு விடுமுறை கோரும் கடிதம்

ஏழாலை,
2025.08.25

அதிபர் அவர்கள்,
பாடசாலை அலுவலகம்.

மதிப்பிற்குரிய அதிபர் அவர்களுக்கு,

தரம் 7 ‘ஆ’ பிரிவு மாணவி சஜீவன் அபிநயா (சேர்விலக்கம் 4127) – விடுமுறை கோரல்

எனது தம்பியின் திருமணம் செப்டெம்பர் 4, வியாழக்கிழமை மட்டக்களப்பில், பெண் வீட்டில் நடைபெறவுள்ளது. மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் இங்கிருந்து போகிறோம். அதற்காக மகள் அபிநயாவுக்குச் செப்டெம்பர் 2, 3, 4 ஆகிய மூன்று நாட்களும் விடுமுறை தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். 5ஆம் திகதி மீலாதுன் நபி விடுமுறை. சனிக்கிழமை ஊர் திரும்பி, ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நாலாஞ்சடங்கை முடித்துவிடுவோம். 8ஆம் திகதி திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனைக்கே பிள்ளை பாடசாலையில் நிற்பாள்.

திருமணம் ஒரு நாள்தானே, ஏன் மூன்று நாள் என்று நீங்கள் கேட்கலாம். என் அம்மாவுக்கு 78 வயது. முழங்கால் வாதத்தால் தொடர்ந்து இரண்டு மணித்தியாலம்கூட அவரால் இருக்கமுடியாது. அதனால் செவ்வாய்க்கிழமை காலையிலேயே வானில் புறப்பட்டு, அன்றிரவு வவுனியாவில் சித்தி வீட்டில் தங்கி, புதன்கிழமைதான் ஹபரணை, பொலன்னறுவை வழியாக மட்டக்களப்புக்குப் போய்ச் சேருவோம். மறுநாள் விடியப் பால் அறுகு வைத்து மாப்பிள்ளையை முழுக வார்க்கவேண்டும், அதற்குப் பிந்திப் போக முடியாது. மாப்பிள்ளைக்கு ஒரே அக்கா நான். தோழியாக நிற்பதும், கூறையையும் தாலியையும் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் என் பொறுப்பு. இவரும் எங்களோடு வருவதால் அந்த நாட்களில் வீடு பூட்டித்தான் கிடக்கும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அபிநயாவின் அப்பா நாலு வருடம் வெளிநாட்டில் வேலை செய்தபோது, மழை வெயில் பாராமல் அவளைச் சைக்கிளில் ஏற்றிவந்து உங்கள் வாசலில் இறக்கியவன் இந்தத் தம்பிதான். புலமைப்பரிசில் பரீட்சைக்கு முதல்நாள் இரவு பென்சில் சீவி, அழிறப்பரைத் துடைத்து, ஒரு பையில் போட்டுத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனவனும் அவன்தான். அவனுடைய மணவறைக்கு முன்னால் இந்தப் பிள்ளை நிற்காமல் இருந்தால் எங்கள் ஒருவருக்கும் மனம் ஆறாது. அதோடு, அம்மம்மா ஊன்றுகோலை ஒரு நாளும் கையில் எடுப்பதில்லை. எங்கே போனாலும் அபிநயாவின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். படியேறும்போது “மெல்ல, வலக்காலை வையுங்கோ” என்று அவள் சொல்லிச் சொல்லித்தான் கூட்டிப்போவாள்.

கடந்த தவணையிலும் டெங்குக் காய்ச்சலால் ஆறு நாட்கள் அவள் வரவில்லை என்பதை நான் மறக்கவில்லை. மீண்டும் விடுமுறை கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இந்த முறையும் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தால் இலேசாக முடிந்துவிடும் என்று தெரிந்தவர்கள் சிலர் சொன்னார்கள். அந்தக் கடிதத்தை வகுப்பாசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுக்கப்போவது என் பிள்ளை. அவள் கையில் ஒரு பொய்யைக் கொடுத்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

படிப்பு பற்றிச் சரியான கவலை 4ஆம் திகதி நடக்கவுள்ள கணித அலகுப் பரீட்சைதான். கணித ரீச்சருடன் கதைத்தேன். நீங்கள் அனுமதித்தால் 8ஆம் திகதி திங்கட்கிழமை பாடசாலை முடிந்த பிறகு வேறு வினாத்தாள் தந்து எழுதவிடலாம் என்றார். அதற்கு உங்கள் சம்மதத்தைத் தயவுடன் வேண்டுகிறேன். பின்னங்கள் பயிற்சியை அவள் போகமுன்னரே முடித்துவிடுவாள், நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வேன். மற்றப் பாடங்களின் குறிப்புகளை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பார்த்து எழுதிக்கொள்ளலாம். போகிற வழியில் பொலன்னறுவையில் சோழர் கட்டிய கற்கோயிலான வானவன்மாதேவி ஈச்சரத்தையும், மட்டக்களப்பில் ஒல்லாந்தர் கோட்டையையும் காட்டுவதாக அவளுடைய அப்பா சொல்லியிருக்கிறார். பார்த்தவற்றை இரண்டு பக்கத்தில் எழுதி வரலாற்று ரீச்சரிடம் கொடுக்கவேண்டும் என்று அவளே சொல்லி, இப்போதே ஒரு கொப்பிக்கு உறை போட்டு வைத்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை வகுப்பைக் கூட்டும் முறை அவளுடைய குழுவுக்கு. அதைத் தோழி ஒருத்தியுடன் மாற்றிக்கொண்டுவிட்டாள்.

ஏதாவது கேட்கவேண்டியிருந்தால் மாணவர் பதிவில் உள்ள எனது தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். நேரில் வரவேண்டும் என்றாலும் எந்த நாள் காலையிலும் வருவேன். திருமண அழைப்பிதழை இத்துடன் இணைத்துள்ளேன். அது விடுமுறைக்கான சான்றாக மட்டுமல்ல, உங்களுக்கும் ஆசிரியர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் அழைப்பாகவும்தான். மட்டக்களப்புக்கு வருவது சிரமம் என்றால், ஞாயிறு மத்தியானம் ஏழாலை வீட்டுக்கு வந்து மணமக்களை ஆசீர்வதித்து, சாப்பிட்டுப் போகவேண்டும்.

நன்றி.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
திருமதி சுகந்தி சஜீவன்
(அபிநயாவின் தாயார்)

இணைப்பு: திருமண அழைப்பிதழ்
பிரதி: வகுப்பாசிரியர், தரம் 7 ‘ஆ’