கேமரா, கூடுதல் காவலர்: உரிமையாளர்களின் ஒப்புதலுக்கு

அன்புள்ள குடியிருப்பாளர்களே,

போன மாதம் பி பிளாக் வண்டி நிறுத்தத்தில் இரண்டு பைக்குகளில் பேட்டரி காணாமல் போனது. அன்று இரவு ஒரே காவலர்தான். அவர் முன் கேட்டில் நின்றால் பின் கேட்டைப் பார்க்க ஆளில்லை. மோட்டார் போடப் போனால் இரண்டுமே காலி. அவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

அதனால் 12 கேமராக்களும், இரவுக்கு இன்னும் இரண்டு காவலர்களும் வேண்டும் என்று கேட்கிறோம். கேமராக்கள் கேட், லிஃப்ட் வாசல், வண்டி நிறுத்தம், மொட்டைமாடிக் கதவு ஆகிய இடங்களில் மட்டும். யார் வீட்டு வாசலையும் பார்க்காது. பதிவு 30 நாள் இருக்கும். செயலாளரும் பொருளாளரும் சேர்ந்துதான் திறக்க முடியும்.

செலவு: கேமரா, வயரிங் எல்லாம் சேர்த்து வரியுடன் ரூ.1,44,000. 48 வீடுகளுக்குச் சமமாக, வீட்டுக்கு ஒரு முறை ரூ.3,000, இதை உரிமையாளரே தர வேண்டும். காவலர் சம்பளம் மாதம் ரூ.36,000, வீட்டுக்கு ரூ.750. சதுர அடிக் கணக்கு வேண்டாம் என்பது எங்கள் கருத்து. காவல் எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான். பூட்டிய வீடுகளுக்கும் இதே தொகை. ஓய்வூதியத்தில் இருப்பவர்கள் ரூ.3,000-ஐ மூன்று தவணையாகக் கட்டலாம்.

மூன்று விலைப்புள்ளிகளும் அறிவிப்புப் பலகையில் உள்ளன. பில்லும் மாதக் கணக்கும் அங்கேயே ஒட்டப்படும். மிச்சம் வந்தால் பராமரிப்புத் தொகையில் கழித்துவிடுவோம்.

ஞாயிறு காலை 10 மணிக்கு மொட்டைமாடியில் கூடுவோம். வர முடியாதவர்கள் சனிக்கிழமைக்குள் சம்மதத்தையோ மறுப்பையோ எழுதிக் கொடுங்கள்.

செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்