மலருக்கு: டிசம்பர் 8 முதல் ஜனவரி 18 வரை, டிசைனும் தெர்மோவும்

மலர், போனில் நீ கேட்டபடி இந்த இரண்டு பாடத்துக்கு மட்டும் ஆறு வாரத் திட்டம் எழுதியிருக்கிறேன். டிசம்பர் 5-ல் செமஸ்டர் தேர்வு முடிகிறது என்றாய். இரண்டு நாள் நன்றாகத் தூங்கு. 8-ஆம் தேதி காலையிலிருந்து தொடங்கலாம். பிப்ரவரியில் கேட் தேர்வு. ஜனவரி 18-க்குப் பிறகு இந்த இரண்டிலும் புதிதாக எதையும் தொடக்கூடாது என்பதுதான் கணக்கு.

முதல் வேலை: டேட்டா புக்கையும் ஸ்டீம் டேபிளையும் அலமாரியில் வைத்துப் பூட்டு. செமஸ்டரில் இரண்டையும் மேசையில் வைத்துக்கொண்டே எழுதிப் பழகிவிட்டோம். எந்தப் பக்கத்தில் எந்தச் சூத்திரம் என்று தெரிந்தாலே டிசைனில் பாஸ். கேட்டில் புத்தகம் கிடையாது. தேவையான எண்களைக் கேள்வியிலேயே கொடுத்துவிடுவார்கள், சூத்திரம் மட்டும் உன் தலையில் இருக்க வேண்டும். நான் முதல் தடவை எழுதியபோது ஸ்பிரிங் கணக்கில் D-க்கு மூன்றடுக்கா, d-க்கு நான்கடுக்கா என்று யோசித்தே ஐந்து நிமிடம் போனது.

நேரம்: காலை 5 முதல் 7 வரை தெர்மோ. மார்கழி பிறந்துவிட்டால் கோயில் ஒலிபெருக்கியே உன்னை எழுப்பிவிடும், அலாரம் தேவையில்லை. மாலை 6 முதல் 8 வரை டிசைன். இரவு அரை மணி நேரம் தப்பு நோட்டு, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். புராஜெக்ட் ரெவ்யூ வரும் நாளில் மாலைப் பகுதியை விட்டுவிடு, காலையை விடாதே.

முதல் வாரம் (டிசம்பர் 8–14)

தெர்மோவில் முதல் விதி மட்டும். மூடிய அமைப்பா, திறந்த அமைப்பா என்று ஒவ்வொரு கணக்கிலும் படம் வரைந்து எல்லைக்கோடு போட்ட பிறகுதான் எண்ணைத் தொட வேண்டும். இந்த வாரம் ஒரு கணக்கையாவது முழுதாகப் புரிந்துகொள்: காலியான தொட்டி, பக்கத்தில் காற்றுக் குழாய், வால்வைத் திறந்தால் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலை என்ன? வெப்ப இழப்பு இல்லையென்றால் T2 = γT1. குழாயில் 300 K இருந்த காற்று தொட்டிக்குள் 420 K ஆகிவிடும். சூடாக்கியது யார்? குழாயில் பின்னாலிருந்து தள்ளிய காற்று செய்த வேலைதான். இது விளங்கினால் என்தால்பி ஏன் வருகிறது என்பதும் விளங்கிவிடும்.

டிசைனில் தோல்விக் கோட்பாடுகள். இதற்கு முன் மோர் வட்டம் கையில் வர வேண்டும், வரவில்லையென்றால் இரண்டு நாள் அதற்கே கொடு. டிரெஸ்காவில் ஷியர் எல்லை 0.5Sy, வான் மிசஸில் 0.577Sy. இரண்டையும் ஒரே படத்தில் வரைந்து, எது உள்ளே இருக்கிறது என்று பார்.

இரண்டாம், மூன்றாம் வாரம் (டிசம்பர் 15–28)

திட்டத்தின் கனமான பகுதி இதுதான். தெர்மோவில் இரண்டாம் விதி, என்ட்ரோபி, அவைலபிலிட்டி. டிசைனில் ஃபட்டீக்.

என்ட்ரோபிக்கு நான் கொடுக்கும் கணக்கு: 2 கிலோ இரும்புத் துண்டு, 600 K. அதை 300 K ஏரியில் போடுகிறாய். c = 0.45 kJ/kgK.

இரும்பு: 0.9 × ln(300/600) = −0.624 kJ/K
ஏரி: 0.9 × 300 / 300 = +0.900 kJ/K
மொத்தம்: +0.276 kJ/K

சுற்றுப்புறம் 300 K என்றால் வீணான வேலைத்திறன் 300 × 0.276, சுமார் 83 kJ. இரும்புக்கு ln வருகிறது, ஏரிக்கு வெறும் வகுத்தல். ஏரியின் வெப்பநிலை மாறாது என்பதுதான் காரணம். இதை யாருக்காவது வாயால் சொல்லிப் பார், ஹாஸ்டலில் ஆள் கிடைக்கவில்லையென்றால் எனக்குப் போன் போடு.

ஃபட்டீக்குக்கு இன்னொன்று: சராசரி அழுத்தம் 150, வீச்சு 60, Se = 200, Sut = 600, Sy = 400, எல்லாம் MPa.

குட்மேன்: 60/200 + 150/600 = 0.55, n = 1.82
சோடர்பெர்க்: 60/200 + 150/400 = 0.675, n = 1.48

அதே தண்டு, அதே சுமை, இரண்டு விடை. கேள்வியில் எந்தப் பெயர் இருக்கிறது என்று வாசிக்காமல் போனால் மார்க் போய்விடும். அப்புறம், குட்மேன் போட்டால் ஈல்டிங்கையும் ஒரு முறை சரிபார்: 400/210 = 1.90, இங்கே பிரச்சினை இல்லை. S-N கோடு லாக்-லாக் தாளில் நேர்கோடு. 10³ சுழற்சியில் 0.9Sut, 10⁶-ல் Se என்று கொடுத்து நடுவில் ஒரு ஆயுளைக் கேட்பார்கள். பத்துக் கணக்கு போட்டால் போதும், பிறகு கை தானாகப் போகும்.

நான்காம் வாரம் (டிசம்பர் 29–ஜனவரி 4)

டிசைனில் போல்ட், ரிவெட், வெல்ட், தண்டு, பேரிங். மையம் தள்ளிய சுமை வரும் போல்ட் தொகுப்புக்கு மட்டும் இரண்டு மாலை. வெல்டில் த்ரோட் 0.707h என்பதை மறக்காதே. பால் பேரிங்கில் L = (C/P)³. சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்கு. ரோலருக்கு அடுக்கு 10/3. L மில்லியன் சுற்றுகளில் வரும், மணிக்கணக்கில் கேட்டால் மாற்ற வேண்டும்.

தெர்மோவில் தூய பொருள், நீராவி, வறட்சிப் பின்னம். ஸ்டீம் டேபிள் இல்லாமல் T-s, P-h படங்களைக் கையால் வரை.

ஐந்தாம் வாரம் (ஜனவரி 5–11)

ஸ்பிரிங், கிளட்ச், பிரேக், கியர். ஸ்பிரிங்கில் δ = 8PD³n/Gd⁴. பாதியாக வெட்டினால் விறைப்பு இரண்டு மடங்கு. பேண்டு பிரேக்கில் θ ரேடியனில். கியருக்கு லூயிஸ் சமன்பாடு போதும். தெர்மோவில் மேக்ஸ்வெல் உறவுகளும் கிளேபெய்ரானும். மூன்று காலைக்கு மேல் இதற்குச் செலவழிக்காதே.

ஆறாம் வாரம் (ஜனவரி 12–18)

பொங்கலுக்கு ஊருக்குத்தானே வருவாய்? 14, 15 இரண்டு நாளும் புத்தகம் தொடாதே, அத்தை திட்டுவார். மீதி ஐந்து நாளும் பழைய கேட் கேள்விகள், நேரம் வைத்து. கணினித் திரையில் வரும் கால்குலேட்டரை மௌஸால் தட்டியே போடு, கையிலிருக்கும் கால்குலேட்டரை இந்த வாரம் தொடாதே.

தவறான விடைக்கு ஒரு மார்க் MCQ-வில் 1/3, இரண்டு மார்க்கில் 2/3 போகும். எண்ணைத் தட்டச்சு செய்யும் NAT கேள்விக்கும் MSQ-வுக்கும் கழிவு இல்லை, அதனால் NAT எதையும் காலியாக விடாதே. MSQ-வில் பாதி விடைக்குப் பாதி மார்க் கிடையாது.

தப்பு நோட்டு: தவறாகப் போட்ட கணக்கின் விடையை அதில் எழுதாதே. ஏன் தவறியது என்று ஒரே வரி. "செல்சியஸில் போட்டேன்." "கேஜ் அழுத்தத்தை அப்படியே வைத்தேன்." "விட்டத்துக்குப் பதில் ஆரம்." என் நோட்டில் நாற்பது வரிகளில் பாதி இந்த மூன்றுதான். புரியாமல் தவறியவை ஆறோ ஏழோ.

ஒரு வாரம் தள்ளிப்போனால் தள்ளிப்போனதை அடுத்த வாரத்தில் திணிக்காதே. ஐந்தாம் வாரத்தில் கியரையும் மேக்ஸ்வெல்லையும் வெட்டு. இரண்டாம், மூன்றாம் வாரத்தில் கை வைக்காதே.

18-ஆம் தேதி இரவு தப்பு நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸுக்கு எத்தனை நாள் என்று சொல்வேன்.